வளைவுக் கழுத்துக்கு உள்பட்டியா, கிராஸ் பட்டியா?

கேள்வி: காட்டன் குர்தியின் வட்டக் கழுத்துக்கு கிராஸ் பட்டி வைத்தேன், தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்பட்டி கொடுத்திருக்க வேண்டுமோ?

வேண்டியதில்லை. நீங்கள் பட்டியை இழுக்காமல் அப்படியே வைத்துத் தைத்திருப்பீர்கள். தையல் ஓடும் வட்டத்தைவிடக் கழுத்தின் விளிம்பு சுற்றளவில் சிறியது. அதனால் வளைவு வரும் இடத்தில் மட்டும் பட்டியை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும், தோள் பக்கம் நேராக ஓடும் இடத்தில் இழுக்கக் கூடாது. இழுப்பு குறைந்தால் பட்டி தூக்கும், அதிகமானால் கழுத்தைச் சுற்றித் துணி சுருங்கும். இன்னொன்று, துண்டு சரியான 45 டிகிரி மூலைவாட்டில் வெட்டியதாக இருக்க வேண்டும். கடை ரோல்களில் சில அப்படி இருப்பதில்லை, இழுத்தாலே முறுக்கிக்கொள்ளும்.

உள்பட்டிதான் தரமான வேலை, கிராஸ் என்பது அவசரத்துக்கு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். துணியைப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுடைய வெள்ளை மல் துணி குர்தியைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் தைத்தது. 2 இஞ்ச் அகல உள்பட்டி அப்படியே வெளியே நிழலாகத் தெரிந்தது, துவைத்த பிறகு வெளியே எட்டியும் பார்த்தது. பட்டியைப் பிரித்தால் ஓரம் முழுக்க நறுக்கு வெட்டுகள். பழைய தையல் கோட்டிலேயே அந்த கால் இஞ்சை வெட்டி எடுத்துவிட்டு, கைத்துணி மிச்சத்தில் 1¼ இஞ்ச் அகலத்துக்கு கிராஸ் வெட்டி, ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்தேன். கழுத்து இறக்கம் மாறவே இல்லை. சுற்றி மடிக்கும் கிராஸுக்குத் தையலுக்கென்று துணி விடக் கூடாது, உள்பட்டிக்கு கால் இஞ்ச் விட வேண்டும். 7 இஞ்ச் இறக்கம் வேண்டுமானால் கிராஸுக்கு 7-லேயே வெட்டலாம், உள்பட்டிக்கு 6¾-ல் வெட்ட வேண்டும்.

ஆனால் பட்டு பிளவுஸ், பானைக் கழுத்து, சதுரம், வி என்றால் நான் உள்பட்டிதான் வைப்பேன். கூர்மூலையில் கிராஸ் மொத்தமாகிவிடும். அங்கே ஒட்டு கேன்வாஸ் கொடுத்த பட்டி வடிவத்தைப் பிடித்து நிறுத்தும். தைத்ததும் ஓரத்தைக் குறைத்து, வளைவில் அரை இஞ்சுக்கு ஒரு நறுக்கு கொடுத்து, தையல் ஓரத்தைப் பட்டியோடு சேர்த்து விளிம்பை ஒட்டி இன்னொரு தையல் ஓட்டுங்கள். அந்த மக்கர் பிடித்த குர்தியில் இதைத்தான் விட்டிருந்தார்கள், அதனால்தான் பட்டி எட்டிப் பார்த்தது.

அப்புறம், சேலையோடு வரும் 80 செ.மீ. துண்டைக் கொடுத்து முழங்கை வரை கை, அதே துணியில் பட்டி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராஸுக்கு மூலைவாட்டில் துணி போகும், உள்பட்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனித் துண்டு போகும். துணி போதாது என்றால் நாங்கள் திருடிவிட்டது போலப் பார்க்காதீர்கள்.