காற்று சரியாக இருந்தும் அணையாத டயர் விளக்கு

கேள்வி: கார் வாங்கி ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு தினமும் ஓட்டுகிறேன். ஒரு மாதமாக டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. நான்கு டயரிலும் 33 வைத்துவிட்டேன். திரையில் இடது பின் சக்கரத்துக்கு மட்டும் எண் வராமல் கோடு தெரிகிறது. ரீசெட் செய்தால் அணைகிறது, கால் மணி நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: அந்த விளக்கு இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்லக்கூடியது. காலையில் இக்னிஷனைப் போட்டதும், வண்டியை எடுக்காமல், அதை ஒன்றரை நிமிடம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில், தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் விட்டுவிட்டு எரிந்து, அதன் பிறகு நிலைத்தால், காற்றை அளக்கும் அமைப்பிலேயே கோளாறு என்று பொருள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் கோடு தெரிவதால், உங்கள் காரில் இரண்டாவது செய்திதான் வருகிறது என்று கருதுகிறேன். அப்படியானால் அந்த டயரில் எத்தனை முறை காற்றைச் சரிபார்த்தாலும் விளக்கு அணையாது.

ரீசெட் செய்ததும் சிறிது நேரம் அணைவதற்குக் காரணம் இருக்கிறது. ரீசெட் என்பது காரின் கணினியைப் புதிதாகக் கேட்கத் தொடங்கச் செய்வது மட்டுமே. சக்கரத்துக்குள் வால்வோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும் சென்சார், ஓடும்போது ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை ரேடியோ அலையில் அழுத்தத்தைச் சொல்லும்; வண்டி நிற்கும்போது பேட்டரியைச் சேமிக்க உறங்கிவிடும். ஓடத் தொடங்கியும் ஒரு சக்கரத்திலிருந்து செய்தி வரவில்லையென்றால், கணினி சில நிமிடங்கள் பொறுத்திருந்து, பிறகே கோளாறு என்று முடிவு செய்கிறது. நீங்கள் காணும் கால் மணி நேரம் அந்தக் காத்திருப்புதான்.

சென்சார் வாங்குவதற்கு முன், செலவில்லாமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, விளக்கு எரியத் தொடங்குவதற்கு முன் எங்காவது பஞ்சர் ஆகி ஸ்டெப்னியை மாட்டினீர்களா என்பது. பல கார்களில் ஸ்டெப்னியில் சென்சார் இருக்காது. சென்சார் உள்ள சக்கரம் டிக்கியில் கிடக்க, கார் அதை இடது பின்புறத்தில் தேடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அந்தச் சக்கரத்தின் வால்வை மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்றில் நட்டு போட்ட உலோக வால்வும், இதில் மட்டும் சாதாரண ரப்பர் வால்வும் இருந்தால், யாரோ ஒரு பஞ்சர் கடையில் சென்சாரைக் கழற்றிவிட்டு ரப்பர் வால்வையோ டியூபையோ போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நம் பகுதியில் டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டும் இல்லையென்றால், சென்சாரின் பேட்டரி தீர்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நாணய வடிவிலான அந்த லித்தியம் பேட்டரி பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டுகள் உழைக்கும். தினமும் ஓடும் உங்கள் வண்டிக்கு ஆறரை ஆண்டு என்பது எதிர்பார்க்கக்கூடிய காலமே. விளக்கு முதலில் குளிர்ந்த காலைகளில் மட்டும் எரிந்து, சிறிது தூரம் ஓடியதும் அணைந்திருந்தால், அது சோர்ந்த பேட்டரியின் அடையாளமாக இருக்கலாம். குளிரில் அதன் மின்னழுத்தம் இறங்கிவிடும். பேட்டரியை மட்டும் மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நீரும் அதிர்வும் புகாதபடி அதை மின்சுற்றோடு சேர்த்துப் பிசினில் புதைத்து மூடிவிடுகிறார்கள். குடைந்து மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், சுழலும் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு பொருளுக்கு அந்த ஒட்டுவேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு சென்சாரைத்தான் மாற்ற வேண்டும்.

நான்கையும் மாற்றச் சொன்னவர்களிடம், ஸ்கேன் கருவியை வால்வுக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு சென்சாரையும் உங்கள் முன்னிலையில் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். உயிருள்ள சென்சார் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைத் திரையில் தரும். பல வகைகளில் பேட்டரியின் நிலையும் தெரியும். இடது பின்புறம் மட்டும் பதில் தராமல் மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் இப்போதைக்கு ஒன்று போதும். டயர்களே தேய்ந்து, சில மாதங்களில் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் என் முடிவு வேறு. நான்கும் ஒரே வயதுடையவை. டயரைக் கழற்றும் கூலியை எப்படியும் கொடுக்கப்போகிறீர்கள். எனவே அப்போது நான்கையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

வேலை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்கும் இயந்திரத்தின் தகடு வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தினால் சென்சார் உடைந்துவிடும். அதை எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூசிய வால்வு ஊசியைத்தான் போட வேண்டும். சாதாரண பித்தளை ஊசி காலப்போக்கில் அரித்துப் பிடித்துக்கொண்டு, வால்வையே மாற்ற வேண்டிய நிலையைக் கொண்டுவரும். பழைய சென்சாரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் உடலில் அடையாள எண் அச்சிடப்பட்டிருக்கும். பேட்டரி தீர்ந்த சென்சாரைக் கருவியால் படிக்க முடியாது என்றாலும், அந்த அச்செண்ணைப் பார்த்தே, எழுதக்கூடிய வகைப் புதிய சென்சாரில் அதே எண்ணைப் பதிந்துவிடலாம். அப்படிச் செய்தால் சென்சார் மாறியதே காருக்குத் தெரியாது.

நிறுவனத்தின் சென்சார் புது எண்ணோடு வந்தால், அதைக் காருக்குக் கற்பிக்க வேண்டும். உண்மையான ரீசெட் முறை இதுதான். காருக்குக் கார் மாறுபடும், கையேட்டில் இருக்கும். சில கார்கள் தாமாகக் கற்றுக்கொள்ளும்: டயர்கள் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணிலுள்ள அட்டைப்படி காற்று வைத்து, வண்டியை இருபது நிமிடங்கள் நிறுத்திவைத்து, பிறகு கோபாலபுரம் சாலை போன்ற தடையற்ற சாலையில் இருபது நிமிடங்களாவது நிற்காமல் ஓட்டினால் எண் திரையில் வந்துவிடும். வேறு சிலவற்றில், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓ.பி.டி. சாக்கெட் வழியாகக் கருவியால் எண்ணை எழுத வேண்டியிருக்கும். அந்த வேலை முடியாமல் வண்டியை எடுத்துவந்தால், புதிய சென்சார் இருந்தும் கோடு மாறாது.

திரையில் சக்கரத்துக்கு ஓர் எண் காட்டாத கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் சென்சாரும் பேட்டரியும் கிடையாது; ஏ.பி.எஸ். அமைப்பு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே காற்றுக் குறைவை ஊகிக்கிறது. அங்கே காற்று வைத்தபின் ரீசெட் செய்யாமல் விடுவதுதான் விளக்கு அணையாமைக்கு முதல் காரணம். அவர்கள் சென்சாருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இடையில் நீங்கள் வண்டியை ஓட்டலாம். மற்ற மூன்று எண்களையும் நம்பலாம். இடது பின் டயரில் காற்று இறங்கினால் மட்டும் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே அதை வாரம் ஒரு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், கேஜில் பாருங்கள். ஓட்டியபின் பார்த்தால் சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

ரசீதில் சென்சார், கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங், எண் பதியும் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வேலை செய்த இடம் தமிழ்நாட்டிலும் உங்கள் வீடு கேரளத்திலும் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். உங்களுக்கு அது பாலக்காடு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம்.