பைப்பைப் பூட்டினால் சுவருக்குள் இடிக்கிறது: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு. பைப்பைப் பூட்டிய கையோடு சுவருக்குள் ‘டங்’ என்று ஓர் இடி. அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு வோட்டர் ஹாமர் என்னும் இந்த இடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் குழாய் சத்தம் போடுகிறது. என்ன செய்யலாம்? (நல்லூர்)

எந்தக் குழாய், எப்போது, என்ன மாதிரிச் சத்தம்? பைப்பைப் பூட்டும்போதா, திறந்திருக்கும்போதா, மோட்டர் நிற்கும்போதா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் எதைச் சொல்வது? மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டு, சத்தம் வரும் நேரத்தைக் குறித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

குசினிப் பைப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் கடகடவென்று அதிருகிறது. முழுவதும் திறந்தால் நின்றுவிடுகிறது. இது வோட்டர் ஹாமரா?

இல்லை. உள்ளே வாஷர் தளர்ந்துவிட்டது. தாங்கி வால்வைப் பூட்டிவிட்டுப் பைப்பின் தலையைக் கழற்றி வாஷரை மாற்றுங்கள்.

ஆறு மீற்றர் உயரத் தூணில் தாங்கி. அங்கிருந்து குளியலறைக்கு அரை இஞ்சிக் குழாய், ஏறக்குறைய 20 மீற்றர். ஷவரில் தண்ணீர் மெல்லமாக வந்ததால் சென்ற வருடம் பிரஷர் மோட்டர் ஒன்று பொருத்தினோம். பழைய பைப்புகளையும் மாற்றிக் கைபிடியைக் கால் சுற்றுத் திருப்பும் பைப் போட்டோம். இப்போது பூட்டினால் சுவர் அதிர்கிறது. சுவருக்குள் இருந்த எல்போ இரண்டு தடவை விட்டுவிட்டது. பி.வி.சி.யை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போட்டால் தாங்குமா? மோட்டர் ஓடும்போது 10 லீற்றர் வாளி 15 செக்கனில் நிரம்புகிறது. ஓடாதபோது 30 செக்கன். (கொக்குவில்)

வாளி வைத்து அளந்து எழுதிய ஒரே வாசகர் இவர்தான், நன்றி. அந்த இரண்டு எண்ணிலேயே முழுக்கதையும் இருக்கிறது.

இரும்புக் குழாய் வேண்டாம். அது இடியைக் கூட்டும். குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஒரு பாரம். பைப் சட்டென்று அடைபட்டால் முன்னால் இருக்கும் தண்ணீர் நின்றுவிடும், பின்னால் வருவது வந்து மோதும். அந்த மோதல் ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே தாங்கி வரை போய்த் திரும்பி வரும். குழாய்ச் சுவர் கொஞ்சம் விரிந்து கொடுத்தால் அலையின் வேகமும் குறையும், அடியும் குறையும். பி.வி.சி. விரிந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அரை இஞ்சி பி.வி.சி.யில் ஏறும் அழுத்தம் 4, 5 பார். இரும்பில் 12, 13 பார். குழாய் தாங்கினாலும் பைப்பின் வாஷர், வளையும் குழாய், மலசலகூடத் தொட்டியின் வால்வு எல்லாம் அந்த அடியை வாங்கும்.

இப்போது உங்கள் வாளிக்கு வருவோம். அரை இஞ்சிக் குழாயின் உள்விட்டம் 17 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 30 செக்கனில் 10 லீற்றர் என்றால் தண்ணீரின் வேகம் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர். 15 செக்கன் என்றால் 3 மீற்றர். மோட்டர் இல்லாத காலத்தில் சட்டென்று பூட்டியிருந்தால் 7 பார் அடி விழுந்திருக்கும். இப்போது 13 பார். தாங்கியின் ஆறு மீற்றர் உயரம் தரும் அழுத்தம் வெறும் 0.6 பார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த எல்போ இருபது மடங்கு அடியை ஒரு நாளைக்குப் பல தரம் வாங்கியிருக்கிறது. ஒட்டுப் பசையைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

இந்த இடத்தில் என் மனக்குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஷவரில் தண்ணீர் மெல்லமாக வந்தால் உடனே மோட்டர் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. தண்ணீர் மெல்லமாக வந்ததற்குக் காரணம் தாங்கியின் உயரம் அல்ல, ஒடுக்கமான குழாய். உங்கள் கணக்கில் அந்த ஆறு மீற்றர் உயரத்தில் பாதியை 20 மீற்றர் அரை இஞ்சிக் குழாயின் உராய்வே தின்றுவிடுகிறது. அதன்மேல் மோட்டரை வைத்தால் அதே ஒடுக்கமான வழியால் இரண்டு மடங்கு வேகத்தில் தண்ணீரைத் தள்ளுகிறோம். வீடு கட்டும்போது தாங்கியிலிருந்து வரும் பிரதான குழாயை முக்கால் இஞ்சியில் போட்டிருந்தால் இந்த மோட்டருக்கு வேலையே இருந்திராது. நான் வேலை பழகிய காலத்தில் என் முதல் வீடொன்றில் நானே அரை இஞ்சி இழுத்தேன். ஒரு வருடம் கழித்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டுக் காட்டினார்: குளியலறைச் சுவரில் சீமெந்துப் பூச்சு கைப்பிடி அளவில் உப்பிப் போய்க் கிடந்தது. தட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம். அன்றிலிருந்து பிரதான குழாயை அரை இஞ்சியில் போடச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தாங்கியிலிருந்து குளியலறைச் சுவர் வரை வரும் 20 மீற்றரை முக்கால் இஞ்சிக்கு மாற்றுங்கள். சுவருக்கு வெளியே ஓடும் பகுதிதானே, சுவரை உடைக்கத் தேவையில்லை. அப்புறம் மோட்டரைக் கழற்றிவிட்டு வாளியை மறுபடி வையுங்கள். 22, 23 செக்கனில் நிரம்பும் என்று எதிர்பார்க்கிறேன். மோட்டரோடு இருந்ததைவிடக் குறைவுதான், ஆனால் ஷவருக்குப் போதும். அந்த நீள ஓட்டத்தில் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரை ஒட்டி வந்துவிடும். இன்றைக்கு விழும் அடியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அதுவரை? பைப்பை ஆறுதலாகப் பூட்டுங்கள். உங்கள் குழாயில் அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பூட்டினால் முழு அடியும் விழும். கால் சுற்றுப் பைப்பைக் கையால் தட்டிவிட்டால் அந்த நேரத்துக்குள் அடைபட்டுவிடும். ஒரு செக்கன் எடுத்துச் சீராகப் பூட்டினால் அடி 1 பாருக்கும் கீழே இறங்கும். இதில் ஒரு விடயம் இருக்கிறது: கைபிடி பாதி திரும்பும் வரை தண்ணீர் பெரிதாகக் குறையாது, கடைசிக் கால் பங்கில்தான் எல்லாம் அடைபடுகிறது. அந்தக் கடைசிக் கால் பங்கைத்தான் ஆறுதலாகத் திருப்ப வேண்டும். தொடக்கத்தில் ஆறுதலாகத் திருப்பிக் கடைசியில் தட்டிவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

வெளியே ஓடும் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு மீற்றருக்கு ஒன்றாகக் கிளிப் அடியுங்கள். கிளிப் அழுத்தத்தைக் குறைக்காது, ஆனால் குழாய் சுவரில் மோதும் சத்தத்தை நிறுத்தும், எல்போவை இழுபடாமல் வைக்கும்.

பைப்புக்கு மேலே ஓர் அடி நீளக் குழாயை நேராக நிறுத்தி மூடி போட்டு ஒட்டிவிட்டார்கள். மூன்று மாதம் சத்தமே இல்லை. இப்போது பழையபடி இடிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (மானிப்பாய்)

ஏமாற்றவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தான் மெத்தை. தண்ணீர் வந்து மோதும்போது காற்று அமுங்கி அடியை வாங்கும். ஆனால் காற்றும் தண்ணீரும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருப்பதால் காற்று கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். பிறகு அது வெறும் தண்ணீர் நிரம்பிய குழாய், ஒன்றுக்கும் உதவாது.

மறுபடி காற்றை நிரப்புவது கடினமில்லை. முதலில் மோட்டரை நிறுத்துங்கள். தாங்கி வால்வைப் பூட்டுங்கள். வளவில் ஆகத் தாழ்வாக இருக்கும் பைப்பையும் ஆக உயரத்தில் இருக்கும் பைப்பையும் திறந்து தண்ணீர் முழுவதும் வடியும் வரை விடுங்கள். மூடிய குழாயுள்ள பைப்பையும் திறந்தே வையுங்கள். வடிந்ததும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தாங்கி வால்வை ஆறுதலாகத் திறவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யப் பொறுமை இருந்தால் அந்தக் குழாயே போதும்.

பொறுமை இல்லாவிட்டால், காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் பிஸ்டன் வைத்த அரெஸ்டர் வாங்கலாம். அடிக்கும் பைப்புக்கு மிக அருகில் பொருத்த வேண்டும், தாங்கியடியில் வைத்தால் வேலை செய்யாது. நம் ஊர்ச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே பிஸ்டனிலும் படியும், ஒருநாள் இறுகிப் பிடிக்கும். அதனால் யூனியன் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், கழற்றிக் கழுவலாம்.

வோஷிங் மெசின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போதெல்லாம் இடிக்கிறது. மெசினை எப்படி ஆறுதலாகப் பூட்டச் சொல்வது?

முடியாது. உள்ளே இருக்கும் மின் வால்வு கண் இமைக்க முன் அடைபடும். மெசினுக்குப் போகும் பைப்பைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் குறைந்தால் அடியும் குறையும். தண்ணீர் நிரம்பச் சுணங்கி மெசின் பிழை காட்டினால் கொஞ்சம் கூட்டுங்கள். அப்படியும் இடித்தால் அரெஸ்டர் பொருத்த மிகப் பொருத்தமான இடம் இதுதான்.

கிணற்று மோட்டரை நிறுத்தியதும் ஒரு செக்கன் கழித்துக் கிணற்றடியில் பெரிய அடி விழுகிறது. பைப் ஒன்றும் திறந்திருப்பதில்லை. (சாவகச்சேரி)

மோட்டர் நின்றதும் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று, திரும்பிக் கீழே ஓடத் தொடங்கும். தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் உங்கள் நொன் ரிட்டர்ன் வால்வின் மூடி தன் பாரத்தால் மட்டும் விழும் வகையாக இருக்கும். அது விழுவதற்குள் தண்ணீர் வேகம் எடுத்துவிடுகிறது, பிறகு ஓங்கி அடிக்கிறது. உள்ளே சுருள் வில் வைத்த வகைக்கு மாற்றுங்கள். வில், தண்ணீர் திரும்ப முன்பே மூடியைத் தள்ளிப் பூட்டிவிடும். வால்வு உடம்பில் இருக்கும் அம்புக்குறி தாங்கியின் பக்கம் பார்க்க வேண்டும். மாற்ற முன் மோட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, மேலே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றியதும் அவ்வளவும் உங்கள் தலையில்தான்.

குழாய்நீர் இணைப்பு எடுத்தபின், தாங்கி நிரம்பி முடியும் நேரத்தில் வீடு முழுக்க உறுமுகிறது.

மிதவை வால்வு. தாங்கி நிரம்பும்போது தண்ணீர் அலையடிக்க, மிதவை ஏறி இறங்கி வால்வைத் திறந்து திறந்து பூட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடி. தாங்கிக்கு வரும் கேட் வால்வைக் கொஞ்சம் குறையுங்கள். அடங்காவிட்டால் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கோப்பையை மிதவையின் தண்டில் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்ந்து தொங்கவிடுங்கள், ஆட்டம் அடங்கும். கட்டும் நூல் நைலோனாக இருக்கட்டும், சணல் உக்கிவிடும்.

பைப் எதையும் தொடாதபோது, மத்தியானமும் பொழுதுபட்ட பிறகும் கூரையில் ‘டிக் டிக்’ என்கிறது.

வெயிலில் பி.வி.சி. நீள்கிறது, குளிர்ந்ததும் சுருங்குகிறது. ஆறு மீற்றர்க் குழாய் ஒரு சென்ரிமீற்றர் வரை நீளும். கிளிப் இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிட்டு நழுவும், அதுதான் சத்தம். அந்தக் கிளிப்புகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.