மொட்டை மாடிக்கு வாடகை வருகிறது: பலகைக்கு விடலாமா, சோலாருக்கு விடலாமா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். திருச்சியில் நாற்சந்தியை ஒட்டி மூன்று மாடி சொந்த வீடு இருக்கிறது. தெற்குப் பக்கம் பிரதான சாலை. மொட்டை மாடியின் சாலை ஓரத்தில் 30 அடிக்கு 20 அடி விளம்பரப் பலகை வைத்துக்கொள்கிறோம், மாதம் 18,000 ரூபாய், 5 ஆண்டு ஒப்பந்தம், ஒரு லட்சம் முன்பணம் என்று ஒரு விளம்பர நிறுவனம் கேட்கிறது. உரிமத்தை அவர்களே பிறகு வாங்கிக்கொள்வார்களாம். இன்னொருவர் சோலார் தகடு போட மாடிக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணமாக 8,500 ரூபாய் கேட்கிறார். சுற்றுச்சுவரில் விளம்பரம் எழுதவும் ஆள் வருகிறது. வங்கிக் கடன் 6 லட்சம் பாக்கி. எங்கள் மின் உபயோகம் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த 8,500 ரூபாயை எப்போதும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 18,000 அல்ல, ‘உரிமத்தைப் பிறகு வாங்கிக்கொள்வார்கள்’ என்ற வரிதான். தமிழ்நாட்டில் மாநகராட்சி எல்லைக்குள் விளம்பரப் பலகை வைக்க ஆணையரின் உரிமம் வேண்டும். நிறுவிய பிறகு கேட்டுக்கொள்ளும் சலுகை அதில் இல்லை. மேலும், கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை ஆகியவற்றின் முன்பும் சாலை முனைகளிலும் பலகை வைப்பதை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் வீடு நாற்சந்தியில் இருக்கிறது. நான்கு பக்கமிருந்தும் கண்ணில் படும் என்பதால்தான் நிறுவனம் உங்களைத் தேடி வந்திருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். பலகையை ஏற்றிவிட்டு, அகற்றச் சொல்லும் வரை விளம்பரக் காசு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கோடு வருபவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அகற்றச் சொல்லும் அறிவிப்பு வரும்போது, கதவு எண் உங்களுடையது.

2023 ஜூன் மாதம் கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் பலகை சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு, உரிமம் இல்லாமல் பலகை வைப்பது தண்டனைக்குரியது என்பதை நினைவூட்டியதோடு, விபத்து நேர்ந்தால் இடத்தின் உரிமையாளரும் பொறுப்பாளி என்று அறிவித்தது. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மேல் விழுந்த பலகையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40 அடி. விழுந்தது ஏறக்குறைய 120க்கு 120 அடி. 17 பேர் இறந்தார்கள். அந்த நிலம் ரயில்வே காவல் துறையின் வசம் இருந்தது, அனுமதி யார் கொடுத்தது என்ற வழக்காட்டம் பிறகுதான் தொடங்கியது.

பலகையின் எடையைப் பற்றி மட்டும் பேசும் மேஸ்திரியின் பேச்சை நம்ப வேண்டாம். பலகை கனமில்லை, உண்மைதான். பிரச்சினை காற்று. இந்தியத் தர நிர்ணயத்தின்படி திருச்சிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 130 கிலோ எடைக்கு இணையான விசை தள்ளும். 30க்கு 20 அடிப் பலகை என்பது 56 சதுர மீட்டர். மொத்தம் 7 டன்னுக்கு மேல், அதுவும் பக்கவாட்டில், மூன்று மாடி உயரத்தில். வீட்டுத் தளம் மேலிருந்து அழுத்தும் சுமைக்குக் கட்டப்படுவது. கால்களை வேரோடு பிடுங்கப் பார்க்கும் விசைக்கு அல்ல. கைப்பிடிச் சுவரிலோ தளத்தின் கான்கிரீட்டிலோ போல்ட் அடித்து நிறுத்துவதாகச் சொன்னால் அப்போதே மறுத்துவிடுங்கள். கால்கள் உங்கள் கட்டடத் தூண்களின் மேல் வந்து அமர வேண்டும். உங்கள் வீட்டின் கட்டமைப்பு வரைபடத்தைப் பார்த்து, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். அந்தப் பொறியாளரை நீங்களே அமர்த்துங்கள், செலவை நிறுவனம் தரட்டும். போல்ட் அடித்த துளை வழியே மழைநீர் இறங்கி, அடுத்த பருவமழையில் கூரையில் ஈரத் திட்டு தெரியத் தொடங்கும். கம்பி துருப்பிடிக்கும் முதல் அடையாளம் அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் முறையாக வருவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் நான் கேட்பவை இவை. உங்கள் கதவு எண்ணும் பலகையின் அளவும் குறிப்பிட்ட உரிம நகலைக் காட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும். அந்த நகலை நீங்களே மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும், நிறுவனத்தின் ஆள் கொண்டுவரும் முத்திரையை நம்ப வேண்டாம். உரிமம் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ ஒப்பந்தம் தானாக முடிய வேண்டும், பலகையை அவர்கள் செலவில் இறக்கித் தர வேண்டும். முன்பணம் அதற்குப் பிணையாக நிற்க வேண்டும். இரும்புச் சட்டத்தை இறக்கும் கூலியோடு தளத்தைச் சீர்செய்யும் செலவையும் சேர்த்தால் ஒரு லட்சம் போதுமா என்பதையும் அதே பொறியாளரிடம் கேளுங்கள். மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். ‘எல்லாப் பொறுப்பும் எங்களுடையது’ என்று அவர்கள் எழுதித் தருவதில் பெரிய பலன் இல்லை. அது பின்னால் அவர்களிடம் பணம் கேட்கும் உரிமை மட்டுமே. காவல் துறையின் முதல் கேள்வியிலிருந்து அது உங்களைக் காக்காது.

இரவில் எரியும் விளக்குகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு, ‘மாதம் 500 ரூபாய் சேர்த்துத் தருகிறோம்’ என்பார்கள். வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம், காலம் தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். நிறுவனம் தன் பெயரில் தனி வணிக இணைப்பு வாங்கிக்கொள்ளட்டும்.

வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். ஒப்பந்தம் ‘மொட்டை மாடி இடத்தை வாடகைக்கு விடுகிறேன்’ என்று இருந்து, பலகை அவர்களுடையதாகவும் இருந்தால், அதை வீட்டு வாடகை வருமானமாகக் காட்டி 30 சதவீதக் கழிவு கேட்கலாம். அப்போது வரிக்குரியது 1,51,200 ரூபாய். பலகையே உங்களுடையதாக இருந்து அதை வாடகைக்கு விட்டால், ‘பிற வருமானம்’ என்று சொல்லி அந்தக் கழிவை மறுக்க இடமுண்டு. ஆகவே எழுத்தில் கவனம் வேண்டும். ஓய்வூதியத்தோடு சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய வரி முறையில் வரியே வராது. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டாததால் மூல வரிப் பிடித்தமும் இருக்காது.

சோலாருக்கு வருவோம். இந்த யோசனை எங்கே உடைகிறது என்பதைப் பார்க்க ஒரே கேள்வி போதும்: அந்த மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள்? உங்கள் மாடியில் தயாராகும் மின்சாரத்தை அவர் இன்னொருவருக்கு விற்க, மின் வாரியத்தின் கம்பி வழியே அதை அனுப்பிக்கொள்ளும் ‘திறந்த அனுமதி’ வேண்டும். பசுமை மின்சாரத்துக்கு அதன் குறைந்த அளவு 100 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 10,000 சதுர அடி மாடி வேண்டும். தொழிற்சாலைக் கூரைக்கும் கல்லூரிக் கூரைக்கும் அது பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. நிறுவனம் முதலீடு செய்து உங்களுக்கே யூனிட் விலையில் மின்சாரம் விற்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அதில் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். வாங்குபவர் இல்லாத மின்சாரத்துக்கு மாதம் 6,000 ரூபாய் தருவதாக வந்தவர் கேட்பது உங்கள் 8,500 மட்டும்தான். செல்போன் கோபுரம் வைக்கிறோம் என்று முன்பணம் பிடுங்கிய அதே ஆட்டம் இது.

நீங்கள் சொந்தமாக 3 கிலோவாட் போட்டுப் பாருங்கள். 300 சதுர அடி போதும். சந்தையில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகும், ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். கையிலிருந்து போவது 1,22,000. திருச்சியில் ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும், ஆக இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 720 யூனிட். உங்கள் 700 யூனிட் உபயோகத்துக்கு இப்போது வரும் கட்டணம் 3,900 ரூபாய் அளவில் இருக்கும். அதில் 3,500 குறைந்தாலும் ஆண்டுக்கு 21,000, ஆறு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். தகடு 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். உங்கள் ஒப்பளிக்கப்பட்ட மின்பளு 3 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கூட்டச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் pmsuryaghar.gov.in தளத்தில், இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மின் வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான வலைப்பின்னல் கட்டணம் உண்டா என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: பலகையும் சோலாரும் உங்கள் மாடியில் ஒன்றாக வாழாது. சாலை தெற்கே. பலகை தெற்கு ஓரத்தில் நிற்கும். டிசம்பரில் நண்பகலில்கூட 20 அடிப் பலகையின் நிழல் 14 அடி உள்ளே விழும், காலையும் மாலையும் இன்னும் நீளும். ஒரு வரிசையில் ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் மின்சாரம் குறையும். பலகைக்கு ஒப்புக்கொண்டால் தகடுகளை வடக்கு ஓரத்துக்குத் தள்ள இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

சுற்றுச்சுவர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் சாலையிலிருந்து கண்ணில் படும் தனியார் சுவரையும் தொடுகிறது. நகரத்தில் உரிமையாளர் சம்மதம் மட்டும் போதாது. சிமெண்ட் நிறுவனம் தரும் சில ஆயிரத்துக்காக இந்த வம்பு தேவையில்லை.

வங்கியைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். வீட்டின் பத்திரம் அவர்களிடம் இருக்கும் வரை, மாடியில் மற்றொருவருக்கு ஐந்தாண்டு உரிமை கொடுப்பதற்கு அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஓராண்டைத் தாண்டும் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், பதிவுக்கு முன்பே அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.