நிறைந்த தொட்டி அமுக்கும், காலித் தொட்டி பிடுங்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில், டலாவில் எங்கள் கோயில் இருக்கிறது. 10,000 லிட்டர் இரும்புத் தொட்டியை 9 மீட்டர் உயரத்தில், நான்கு கால்களின் மேல் வைக்கப்போகிறோம். காலுக்கு ஒன்றாக 1.2 மீட்டர் சதுரத்தில் நான்கு தனி அடித்தளம் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா ஐயா?

போதாது. கொத்தனார் தண்ணீரின் எடையை மட்டும் பார்த்திருக்கிறார், காற்றைப் பார்க்கவில்லை.

தண்ணீர் 10 டன், தொட்டியும் கோபுரமும் 3 டன் என்று வைத்துக்கொள்வோம். கால்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி. காற்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தொட்டியின் மேல் ஏறக்குறைய 580 கிலோவும் கோபுரத்தின் மேல் 400 கிலோவும் தள்ளும். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் தொட்டியின் நடுப்பகுதி அடித்தளத்திலிருந்து 11 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதனால் கவிழ்க்கும் திருப்பம் 8.7 டன்-மீட்டர் ஆகிவிடுகிறது. காற்று மூலைவாக்கில் வீசும்போதுதான் நிலைமை மோசம். காற்றுக்கு மறுபக்க மூலையில் உள்ள கால் 2 டன் கூடுதலாக அமுங்கும், காற்று வரும் பக்கத்துக் கால் 2 டன் மேலே இழுபடும்.

தொட்டி நிறைந்திருந்தால் ஒரு காலின் பங்கு மூன்றேகால் டன். காற்றையும் சேர்த்தால் ஐந்தேகால். அதை 1.2 மீட்டர் சதுரத்தில் இறக்கினால் சதுர மீட்டருக்கு மூன்றரை டன்னைத் தாண்டும். விரலால் அழுத்தினால் குழியும் ஆற்றோரக் களியில் நான் 3 டன்னுக்கு மேல் அனுமதிக்க மாட்டேன்.

தொட்டி காலியாக இருந்தால் கதை தலைகீழ். காலுக்கு முக்கால் டன்தான் எடை, காற்றோ 2 டன் தூக்குகிறது. ஆக ஒன்றேகால் டன் மேல்நோக்கி இழுக்கும். 40 செ.மீ. கனமுள்ள உங்கள் கான்கிரீட் கட்டையும் மேலே போட்ட மண்ணும் சேர்ந்து ஏறக்குறைய 3 டன் இருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறியதும், மிதப்பினால் அதில் பாதிதான் மிஞ்சும். ஒன்றரை டன்னை நம்பி ஒன்றேகால் டன்னோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

நான்கு கால்களுக்கும் சேர்த்து 4.2 மீட்டர் சதுரத்தில், 40 செ.மீ. கனத்தில் ஒரே பலகை அடித்தளம் போடுங்கள். நிறைந்த தொட்டியோடு மூலைவாக்கில் காற்று வீசினாலும், மண்ணின் மேல் வரும் அதிகபட்ச அழுத்தம் இரண்டே முக்கால் டன்தான். காலித் தொட்டி, நீரில் மூழ்கிய அடித்தளம் என்ற மோசமான நிலையில்கூட, கவிழ்க்கும் திருப்பத்தைப்போல மூன்று மடங்கு தடுப்பு இருக்கும். காலடித் தகட்டின் நங்கூர போல்ட்டுகள் பலகையின் கீழ்க் கம்பிவலை வரை இறங்கவேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் அடித்தளம் அப்படியே இருக்கும், கால் மட்டும் பிடுங்கிக்கொண்டு வரும்.

களியின் உறுதியை மட்டும் ஊகத்தில் விடாதீர்கள். குழி தோண்டும்போது ஒரு மண் சோதனை செய்துவிடுங்கள்.

ட்வாண்டேயில் எங்கள் தொட்டி தண்ணீர் நிரப்பிய சில மாதங்களில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தக் காலின் அடியில் தகடு சொருகினால் போதுமா?

இப்போதைக்கு வேண்டாம். மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் இன்று சொருகிய தகட்டுக்குமேல் அடுத்த மாதம் இன்னொன்று சொருகுவீர்கள். 3 மீட்டர் இடைவெளியில் ஒரு கால் 20 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே தொட்டியின் நடுப்பகுதி 7 செ.மீ. விலகும். அந்த விலகலால் 10 டன் தண்ணீர் தாழ்ந்த காலை இன்னும் அமுக்கும். சாய்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

முதலில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். நான்கு கால்களிலும் பெயின்ட் குறி வைத்து, தொலைவில் ஆடாத ஓர் இடத்திலிருந்து ரசமட்டக் குழாயால் வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். ஆறு வாரம் அசைவு இல்லையென்றால் பிறகு தகட்டைப் பற்றிப் பேசலாம்.

நிரம்பி வழியும் குழாய் எந்தக் காலருகே கொட்டுகிறது என்றும் பாருங்கள். நான் பார்த்த சாய்வுகளில் பல, அந்தக் குழாய்க்குக் கீழேதான் தொடங்கின. நாள்தோறும் நனையும் களி எப்படித் தாங்கும்?

புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பிவைக்க வேண்டுமா, காலி செய்ய வேண்டுமா?

2008 மே மாதத்தில் நர்கிஸ் வந்து போனதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. அடித்தளம் சரியாக இருந்தால் நிரப்புங்கள். மேலே காட்டிய கணக்கில் காலித் தொட்டிதான் பிடுங்கப்படுகிறது. ஏற்கனவே சாய்ந்த தொட்டியை மட்டும் நிரப்பாதீர்கள். பாதியளவு வைத்து, அருகில் யாரையும் படுக்கவிடாதீர்கள்.

ஆற்றுமணல் கொட்டி ஒரு மீட்டர் உயர்த்திய மனையில் உடனே அடித்தளம் போடலாமா?

வேண்டாம். ஒரு மீட்டர் மணல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 டன். மேலே சொன்ன பலகையையும் நிறைந்த தொட்டியையும் சேர்த்தால் கிடைக்கும் சராசரி அழுத்தமும் அதே அளவுதான். அதுவும் மணல், தொட்டி இருக்கும் மூலையில் மட்டுமல்ல, மனை முழுவதையும் அமுக்குகிறது. அடியிலுள்ள களி நீரை வெளியேற்றிக்கொண்டு மெல்ல இறங்கும். மரக்கட்டை அடித்து அதன்மேல் வைத்தாலும் தப்ப முடியாது. இறங்கும் மண் கட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கும். நிரந்தர நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் கட்டைத்தலை அழுகவும் செய்யும். ஒரு மழைக்காலம் முழுவதும் மணல் தன் வேலையைச் செய்யட்டும், அதுவரை தரைமட்டத் தொட்டியும் பம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.