கட்சா, லேயா? ஒரு மதிப்பெண்ணை இழந்தவளின் பதில்

கேள்வி: பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம் கட்ச் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, லே என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. தேர்வில் எதைக் குறிப்பது?

நீங்களும் போட்டித் தேர்வுக்குத்தான் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாரும் இந்தக் கேள்வியை இவ்வளவு கவலையோடு கேட்க மாட்டார்கள். இதே கேள்வியால் எனக்கு ஒரு வேலை கைநழுவிப் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் கட்ச் மாவட்டத்தின் பரப்பு 45,674 சதுர கிலோமீட்டர். அதே கணக்கெடுப்பில் லே மாவட்டம் 45,110. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கட்ச் 564 சதுர கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பல பொது அறிவுப் புத்தகங்களில் லேவின் பரப்பு 82,665 என்று இருக்கும். அப்படியானால் கட்ச் கிட்டத்தட்ட அதில் பாதிதான். இரண்டு எண்ணும் அச்சுப்பிழை அல்ல. 82,665இலிருந்து 45,110ஐக் கழித்துப் பாருங்கள். 37,555 வரும். அது 1950களிலிருந்து சீனாவின் கையில் இருக்கும் பகுதிக்கு இந்திய அரசு தரும் பரப்பு. அக்சாய் சின் என்று நாம் படிப்பது அதைத்தான்.

ஆக, ஒரு லே நம் வரைபடத்தில் இருக்கிறது, இன்னொரு லே நம் நிர்வாகத்தில் இருக்கிறது.

நான் தேர்வு எழுதிய ஆண்டில் கணக்கெடுப்பு அட்டவணையைப் பார்த்துக் குறிப்பேட்டில் நானே எழுதிவைத்திருந்தேன். கேள்வித்தாளில் லே, கட்ச் இரண்டும் விருப்பங்களாக இருந்தன. நான் கட்ச் என்று குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். விடைக்குறிப்பு வந்தபோது லே என்று இருந்தது. மறுப்புத் தெரிவிக்க ஒரு கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம். கட்டினேன், அட்டவணையின் நகலையும் இணைத்தேன். இறுதி விடைக்குறிப்பிலும் மாற்றம் இல்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விதான் எனக்கும் தேர்ச்சிக்கும் நடுவில் நின்றது.

அப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அழுதுகொண்டே விடைக்குறிப்பைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பாப்பா, பட்டாவில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்களா, அனுபவத்தில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்களா?"

கேள்வித்தாளில் அது இல்லை என்றேன்.

"அது இல்லாமல் எந்த நிலத்துக்கும் பரப்பு சொல்ல முடியாதே" என்றார். பிறகு என் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தார். "பட்டாவில் 82 சென்ட். அதில் 37 சென்ட்டைப் பக்கத்து நிலத்துக்காரன் வேலி போட்டு வளைத்துக்கொண்டான். நம் கையில் 45 சென்ட். பட்டாவை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, வழக்கு நடக்கட்டும். ஆனால் தென்னை மரத்தை எண்ணப் போனால் நம் வேலிக்குள் இருப்பதைத்தானே எண்ண முடியும்? சென்ட்டுக்கு எத்தனை மரம் என்று கேட்டால் 45ஆல் வகுப்பாயா, 82ஆல் வகுப்பாயா?"

அதற்குப் பிறகு நான் எந்த ஊரின் மக்கள் அடர்த்தியைப் பார்த்தாலும் அந்தத் தென்னை மரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். பழைய ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் பரப்பு 2,22,236 சதுர கிலோமீட்டர் என்று அட்டவணை சொல்கிறது. அதன் அடிக்குறிப்பில் மூன்று எண்கள் உண்டு. பாகிஸ்தான் ஆக்கிரமிப்பில் 78,114. பாகிஸ்தான் சீனாவுக்குக் கொடுத்துவிட்டது 5,180. சீனாவின் ஆக்கிரமிப்பில் 37,555. மூன்றையும் கழித்தால் 1,01,387 மிஞ்சும். 2011இல் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனது இந்த 1,01,387க்குள் மட்டும்தான். அங்கே எண்ணப்பட்டவர்கள் 1,25,41,302 பேர். இந்த மக்களை இந்த நிலத்தால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 124 பேர். கணக்கெடுப்புத் துறை கொடுக்கும் அடர்த்தியும் இதுதான். முழு 2,22,236ஆல் வகுத்தவர்களுக்கு 56 வரும். அப்படி வகுப்பது, எண்ணவே போகாத இடத்தில் ஆளே இல்லை என்று சொல்வதற்குச் சமம். கில்கித்திலும் முசாபராபாத்திலும் லட்சக்கணக்கில் மக்கள் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "அக்சாய் சின் இந்தியா இல்லை என்கிறாயா" என்று யாராவது கேட்க வருவார்கள். இதற்கு முன் வேறொரு பதிலின் கீழ் வந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பரப்பில் அந்தப் பகுதியைச் சேர்த்து, அடர்த்தியில் அதை விட்டுவிடுவது இந்திய அரசின் கணக்கெடுப்புத் துறையே செய்வது. உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, வகுத்தலையும் தவறாகச் செய்யவில்லை. நாடு முழுவதற்கும் இதே முறைதான். 32,87,263 சதுர கிலோமீட்டர் என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். அதில் அந்த மூன்று பகுதிகளும் அடக்கம். 2011இன் அடர்த்தியான 382இலோ அவை இல்லை. நம்பாதவர்கள் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 125.5 கோடி வரும். எண்ணப்பட்டவர்கள் 121 கோடிதான். நாலரைக் கோடிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்?

தவறான அட்டவணையைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. அடர்த்தியைப் பரப்பால் பெருக்குங்கள், மக்கள்தொகை திரும்பி வருகிறதா என்று பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒரு வழிகாட்டி நூலில் லே: பரப்பு 82,665, மக்கள்தொகை 1,33,487, அடர்த்தி 3 என்று ஒரே வரியில் அச்சிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 2,47,995. முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம் என்று வாதிடலாம். சரி, 3 என்பது உண்மையில் 2.5 ஆகவே இருக்கட்டும். அப்போதும் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. பரப்பு ஒரு லேவுக்கு, மக்களும் அடர்த்தியும் இன்னொரு லேவுக்கு. 45,110ஆல் பெருக்கினால் 1,35,330 வருகிறது, முழு எண்ணாக்கிய வித்தியாசம் மட்டும்தான்.

2019க்குப் பிறகு இன்னும் சிக்கல். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்தது. நிர்வாகத்தில் உள்ள நிலம் ஜம்மு காஷ்மீருக்கு 42,241, லடாக்கிற்கு 59,146. கூட்டினால் அதே 1,01,387. ஆனால் மக்களில் மிகப் பெரும்பகுதி ஒரு பக்கமே போய்விட்டார்கள். 2011 கணக்கில் லடாக்கில் 2,74,289 பேர்தான். ஆகவே இன்றைய ஜம்மு காஷ்மீருக்கு 124 என்று எழுதினால் அது தவறு, ஏறக்குறைய 290 என்று வர வேண்டும். இதோடு, கில்கித் உள்ளிட்ட 1947ஆம் ஆண்டின் பழைய மாவட்டங்களையும் லே மாவட்டத்தில் சேர்த்து மத்திய அரசு ஆணை வெளியிட்டது. அந்த ஆணைப்படி பார்த்தால் லே 82,665ஐயும் தாண்டிவிடும். 2024 ஆகஸ்டில் லடாக்கிற்கு ஐந்து புதிய மாவட்டங்கள் அறிவிக்கப்பட்டன, அவை பிரியும்போது லே சுருங்கும். எந்த ஆண்டின் எல்லை என்று சொல்லாத பதில் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

எங்கோ லடாக்கில் நடப்பதற்கு இவள் ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறாள் என்று தோன்றலாம். நான் புதுச்சேரியைச் சேர்ந்த மதகடிப்பட்டுக்காரி. எங்கள் யூனியன் பிரதேசம் முழுவதும் 490 சதுர கிலோமீட்டர், அதாவது கட்சுக்கும் லேவுக்கும் உள்ள அந்த 564 வித்தியாசத்துக்குள் நாங்கள் மொத்தமாக அடங்கிவிடுவோம். புதுச்சேரியில் பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போது கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வந்துவிடும். ஜன்னலோரம் மதுக்கடைகளின் வரிசை சட்டென்று நின்றுபோகும். கொஞ்ச தூரத்தில் கடைகள் மறுபடி தொடங்கினால் புதுச்சேரி திரும்பி வந்துவிட்டது என்று பொருள். இங்கே எல்லைத் தகராறு எதுவும் இல்லை, பரப்பிலும் குழப்பம் இல்லை. ஆனாலும் 2011இன் சராசரி அடர்த்தி 2,547 என்பதை வைத்துக்கொண்டு எங்களில் யாரையும் அடையாளம் காண முடியாது. காரைக்காலில் அது 1,275, கேரளத்துக்குள் 9 சதுர கிலோமீட்டரில் இருக்கும் மாஹேயில் 4,646. துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்துக்கு ஒற்றை எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. அன்றைய கேள்வித்தாளின் தமிழ். பல கேள்விகளை ஆங்கிலத்தில் படித்த பிறகுதான் தமிழில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு கேள்விக்கு இரண்டு முறை படிக்கும் நேரம் செலவாகிறது. அதற்கு மறுப்புத் தெரிவிக்கப் படிவத்தில் கட்டம்கூட இல்லை. இதைச் சொன்னால் படிக்காதவளின் சாக்கு என்பார்கள். நான் இன்று மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். எங்கள் வகுப்பின் நல்ல மாணவர்களும் அந்தத் தமிழில்தான் தடுமாறுகிறார்கள்.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். விருப்பங்களில் இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டும் இருந்து, கேள்வியில் "2011 கணக்கெடுப்பின்படி" என்றோ "நிர்வாகத்தில் உள்ள" என்றோ இருந்தால் கட்ச் என்று குறியுங்கள். எதுவும் இல்லாமல் வெறுமனே கேட்டிருந்தால், அந்தத் தேர்வு வாரியத்தின் பழைய விடைக்குறிப்புகளில் எது இருந்தது என்று பார்த்து அதையே குறியுங்கள். இதை எழுத எனக்கே கசப்பாகத்தான் இருக்கிறது. மறுப்பு எழுத நேர்ந்தால் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். நான் மாவட்டப் பரப்பு அட்டவணையை மட்டும் இணைத்தேன். நீங்கள் 37,555 வரும் அடிக்குறிப்புப் பக்கத்தையும் சேர்த்து இணையுங்கள், இரண்டு பரப்புகளும் எங்கிருந்து வந்தன என்று இரண்டே வரியில் எழுதுங்கள், இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கேளுங்கள்.