எக்செல்ல சைவம், முட்டை, அசைவம்னு மூணு காலம் இருக்கு, ஒவ்வொரு வரிசையிலயும் ஏதாவது ஒண்ணுல மட்டும்தான் குறி இருக்கணும், இதை எப்படி செக் பண்றது?

ஹாஸ்டல் மெஸ் லிஸ்ட்தானே? நானும் காலேஜ்ல மெஸ் செக்ரட்டரியா இருந்து இதுல மாட்டினவன்தான். 240 பேர் லிஸ்ட். "ஒண்ணு மட்டும்"னா XOR தானேன்னு புத்திசாலித்தனமா இதைப் போட்டேன்:

```
=XOR(C2<>"",D2<>"",E2<>"")
```

ரெண்டு குறி வச்சு டெஸ்ட் பண்ணேன், FALSE வந்துச்சு, சூப்பர்னு விட்டுட்டேன். மாசக் கடைசியில பார்த்தா ஒருத்தன் மூணுலயும் குறி போட்டிருக்கான், அவன் வரிசையில TRUE! XOR ஒத்தைப்படையா குறி இருந்தாலே TRUE சொல்லும், ஒண்ணும் ஒத்தைப்படை, மூணும் ஒத்தைப்படை. அவன்கிட்ட ஏன்டா இப்படின்னு கேட்டா, "எது இருக்கோ அது போதும்ணே"ங்கறான்.

சரின்னு COUNTA-க்கு மாறினேன். அதுல 87வது வரிசை 2ன்னு காட்டுது, கண்ணுக்கு ஒரு குறிதான் தெரியுது. அரை மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டு கடைசியா, காலியாத் தெரியற D87-க்கு `=LEN(D87)` போட்டா 1 வருது. டைப் பண்ண ஆபீஸ் அண்ணன் தப்பா போட்டதை டெலீட் பண்ணாம ஸ்பேஸ் பார் தட்டி அழிச்சிருக்கார். COUNTA-க்கு அந்த ஸ்பேஸும் ஒரு என்ட்ரிதான். அதனால ஸ்பேஸைக் கழிச்சிட்டு எண்ணணும்:

```
=SUMPRODUCT(--(LEN(TRIM(C2:E2))>0))
```

இதைப் பக்கத்துல ஒரு காலம்ல போட்டு கீழ வரை இழுத்துடுங்க. பின்னாடி =1 சேர்த்து TRUE, FALSE ஆக்காம நம்பராவே விடுங்க, ஏன்னா 0ன்னா பையன் இன்னும் சொல்லல, 2, 3ன்னா குழப்பி வச்சிருக்கான், ரெண்டு பேர்கிட்டயும் கேட்க வேண்டிய கேள்வியே வேற. ஃபில்டர்ல 1க்கு மட்டும் டிக்கை எடுத்துட்டா மிச்சம் நிக்கறதுதான் உங்க வேலை.

COUNTIF போதுமேன்னு யாரும் கமெண்ட்ல வராதீங்க, எல்லாரும் ஒரே குறி போட்டா போதும்தான், எங்க ஷீட்ல x, 1, ஆம்னு எல்லாம் இருந்துச்சு. டேட்டா வேலிடேஷனும் வச்சுப் பார்த்தேன், டைப் பண்ணா தடுக்கும், வேற ஷீட்ல இருந்து பேஸ்ட் பண்ணா சத்தமில்லாம உள்ள விட்டுடும், வரிசையே காலியா கிடந்தாலும் கேட்காது.

உண்மையில மூணு காலமே தேவையில்ல, ஒரு காலம், ஒரு டிராப்டவுன், முடிஞ்சுது. பேப்பர் ஃபார்ம்ல மூணு கட்டம் இருக்கு, அப்படியேதான் ஷீட்லயும் இருக்கணும்னு வார்டன் ஒத்தைக் கால்ல நின்னார். இவ்ளோ பண்ணியும் அந்த மாசம் முட்டைக் கணக்கு இடிச்சதுக்கு என்னைத்தான் திட்டினார், மெஸ் பில்லுல ஒரு ரூபா குறைக்கல.