ஓவன்ல வச்ச கிழங்கு ஓரம் முறுக மாட்டேங்குதே!

கேள்வி: அக்கா, மன்னார்குடியிலேர்ந்து எழுதுறேன். புதுசா 28 லிட்டர் ஓடிஜி வாங்கியிருக்கோம். சக்கரவள்ளிக்கிழங்கு, கேரட், பீட்ரூட் மூணையும் பொடிசா நறுக்கி எண்ணெய், உப்பு, மொளகாத்தூள் பெசறி 180 டிகிரில வச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கிளறியும் விடுறேன். ஓரம் செவந்து முறுகவே மாட்டேங்குது, அவிச்ச மாதிரி தொளதொளன்னு வருது, மொளகாத்தூள் மட்டும் கருகிடுது. எங்க தப்பு பண்றேன்?

பதில்: ஓடிஜிய குறை சொல்ல ஒண்ணும் இல்லம்மா, தண்ணி பண்ற வேலை இது. சக்கரவள்ளில முக்கால்வாசி தண்ணிதான், கேரட்டும் பீட்ரூட்டும் அதவிட ஜாஸ்தி. கிழங்கோட மேல்பக்கம் ஈரமா இருக்குற வரைக்கும் நீங்க ஓவன்ல எத்தன டிகிரி வச்சாலும் அந்த எடம் மட்டும் 100 டிகிரிய சுத்தியேதான் நிக்கும், ஏன்னா வர்ற சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்குறதுக்கே செலவாகிடுது. ஓரம் செவந்து அந்த பாகு வாசனை வரணும்னா மேல்பக்கம் காஞ்சு 140, 150ன்னு ஏறணும். அதனால உள்ள வேகுறதுக்குள்ள வெளியில காயணும், அவ்வளவுதான் கணக்கு.

முதல்ல நறுக்குறது. பொடிசா நறுக்குனா சீக்கிரம் முறுகும்னு எல்லாரும் நெனைக்கிறோம், நடக்குறது தலைகீழ். அத்தன பக்கமும் வெட்டுப்பட்டு சாறு கசியும், தட்டுல ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கும், நடுவுல ஆவி மாட்டிக்கும், இட்லிப்பானைக்குள்ள வச்ச மாதிரி வெந்து முடிஞ்சிடும். கேரட்டையும் சக்கரவள்ளியையும் ஒரு இஞ்ச் கனத்துக்கு நறுக்குங்க, சக்கரவள்ளி சீக்கிரம் கொழையும், அத கொஞ்சம் பெருசாவே விடலாம். பீட்ரூட் வேக நேரம் எடுக்கும், அத முக்கா இஞ்சா குறைச்சுக்கோங்க. அதவிட முக்கியம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டையான பக்கம் இருக்கணும், ஏன்னா நல்லா செவக்குறது தகரத்தோட ஒட்டி உக்கார்ற அந்த முகம்தான். கேரட்ட வட்டம் வட்டமா போடாம நீளவாக்குல ரெண்டா பொளந்து, ரெண்டு இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, வெட்டுன பக்கம் கீழ இருக்குற மாதிரி வைங்க. சக்கரவள்ளியும் அப்படித்தான், பாதியா பொளந்து அரைவட்டமா.

தாராசுரம் மார்க்கெட்லேர்ந்து வாங்கிட்டு வர்ற கிழங்குல மண்ணு ஒட்டியிருக்கும், கழுவாம முடியாது. கழுவிட்டு முழுசா ஈரம் போக துணியால தொடைச்சு, அப்புறமா நறுக்குங்க. உப்ப ஓவன்ல வைக்கிறதுக்கு முந்தி போட்டா போதும், அரை மணி முன்னாடியே போட்டு வச்சா தண்ணி விட்டுடும்.

இப்ப உங்க 28 லிட்டர் கணக்குக்கு ஒரு தடவ போடுறத சொல்றேன். சக்கரவள்ளி 250 கிராம், கேரட் 150, பீட்ரூட் 100, மொத்தம் அரை கிலோ. அதுக்கு மேல அந்த தட்டு தாங்காது, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம் தெரியணும். வீட்டுல ஆள் அதிகம்னா ரெண்டு தடவையா போடுங்க, ரெண்டு தட்ட மேலயும் கீழயும் அடுக்குனா ஒண்ணு இன்னொண்ணோட சூட மறைச்சிடும். எண்ணெய் ஒன்றரை பெரிய ஸ்பூன், எல்லா பக்கமும் மினுமினுன்னு பூசுனாப்ல இருந்தா போதும். செக்கு நல்லெண்ணெய் இந்த சூட்டுக்கு பொகைய ஆரம்பிச்சு கசப்பு ஏறும், ரீஃபைண்ட் கடலெண்ணெய் நல்லது. பீட்ரூட்ட மட்டும் தனிக் கிண்ணத்துல பெசறி தட்டோட ஒரு ஓரமா வைங்க, இல்லாட்டி எல்லாமே ரோஸ் கலராகிடும், ருசிக்கு ஒண்ணும் ஆகாது, பாக்கத்தான் நல்லாருக்காது.

சூடு 220. மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் எரியுற மாதிரி வச்சு, காலி தட்டையும் உள்ளயே விட்டு 15 நிமிஷம் காயவிடுங்க. ஃபேன் ஓடுற மாடல்னா 200 போதும். நல்லா காஞ்ச தட்ட வெளிய எடுத்து, துண்டுங்கள அதுல வைக்கும்போது சுர்ருன்னு சத்தம் வரணும், வரலன்னா இன்னும் காயல. 180லயும் வேகும்தான், ஆனா மேல காயுறதுக்குள்ள உள்ள கொழைஞ்சிடும். தட்ட ஓவனோட கீழ் அடுக்குல வைங்க, அடி செவக்க கீழ் கம்பி பக்கத்துல இருக்கணும்.

நம்ம பக்கம் சாயந்தரம் வோல்டேஜ் இறங்குற ஊரா இருந்தா இன்னொரு விஷயம் இருக்கு. 230 வரவேண்டிய எடத்துல 180 வந்தா கம்பி குடுக்குற சூடு 60 சதவீதம் போலதான் இருக்கும், ஓவனோட திருகுல 220ன்னு இருக்கும், உள்ள அந்த சூடு வந்து சேர ரொம்ப நேரம் ஆகும். உள்ள தொங்கவிடுற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா சந்தேகம் தீந்துடும். அது இல்லாட்டி மத்தியான நேரமா பாத்து போட்டு பாருங்க, வித்தியாசம் தெரியும்.

அடுத்தது திருப்புறது, உங்களுக்கு அடிவாங்குறதே இங்கதான்னு எனக்கு தோணுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவ தொறந்தா சூடு சட்டுன்னு இறங்கிடும், அது ஏறுறதுக்குள்ள திரும்ப தொறப்பீங்க, எந்த முகமும் தகரத்துல நெலச்சு உக்காராது. 20 நிமிஷத்துக்கு தொடாதீங்க, கண்ணாடி வழியா பாத்தா போதும். அப்புறம் ஒரே ஒரு துண்ட தோசக்கரண்டியால நெம்பி பாருங்க. அடி நல்லா செவந்து தானா கழண்டு வந்தா எல்லாத்தையும் ஒருதரம் திருப்பலாம். ஒட்டிக்கிட்டு பிச்சாதான் வருதுன்னா இன்னும் காயலன்னு அர்த்தம், மூடிட்டு நாலஞ்சு நிமிஷம் விடுங்க, அடிப்பக்கம் கெட்டியானதும் அதுவே விடும். திருப்பும்போதே தட்டையும் முன்னும் பின்னுமா சுத்தி வைங்க, சின்ன ஓவன்ல ஒரு பக்கம் எப்பவுமே சூடு கூட இருக்கும். அதுக்கப்புறம் 10, 15 நிமிஷம். மொத்த கணக்கு 35 நிமிஷத்த சுத்தி வரும், பீட்ரூட்ல கத்திய குத்திப் பாத்தா வழுக்கி உள்ள போகணும், அது வெந்துட்டா மத்தது எல்லாம் வெந்திருக்கும்.

சக்கரவள்ளி பக்கத்துல தட்டுல கருப்பா ஒழுகியிருந்தா பயப்படாதீங்க, அது வெளிய வந்த சாறு கருகினது, துண்டு நல்லாத்தான் இருக்கும். துண்டோட ஓரமே கரியானா கசக்கும், அடுத்த தடவ 200க்கு இறக்குங்க.

மொளகாத்தூள், மஞ்சத்தூள், பூண்டு எதுவும் முதல்ல போடாதீங்க, அரை மணி நேரம் 220ல எதுவும் தாங்காது. கடைசி அஞ்சு நிமிஷத்துல தூவுங்க, இல்லாட்டி வெளிய எடுத்து சூடோட பெசறுங்க, ஒட்டிக்கும். சேப்பங்கிழங்க இந்த தட்டுல சேக்காதீங்க, அது வழவழன்னு தண்ணி விடும், அவிச்சு உரிச்சு எண்ணெய்க் கல்லுல வறுக்குறதுதான் அதுக்கு சரி, அத மாத்த வேண்டிய அவசியமே எனக்கு தெரியல.

எடுத்ததும் தயிர்சாதத்துக்கோ சாம்பார்சாதத்துக்கோ உடனே பரிமாறிடுங்க. ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடுனா உள்ள இருக்குற ஆவியே திரும்ப ஓரத்த நனைச்சிடும். மிஞ்சினத ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் எண்ணெய் ஊத்தாம தோசக்கல்லுல வெட்டுன பக்கம் கீழ வச்சு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க.